ஒரு படிக்கு ஒரு செயல், ஒரு பொறுப்பாளர்: அடைத்துக்கொண்ட பிளெண்டரை வைத்து ஒரு விளக்கம்

"எந்திரம் அடைத்துக்கொண்டால் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, காற்றழுத்தம் நீக்கப்பட்டதை உறுதிசெய்த பின், சம்பந்தப்பட்ட பணியாளர் பாதுகாப்பான முறையில் அடைப்பை அகற்றி, சூப்பர்வைசரின் ஒப்புதலுடன் இயக்கத்தைத் தொடர வேண்டும்."

மசாலாத்தூள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் சுவரில் இப்படி ஒரு வாக்கியம் தொங்குவதாக வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் செனோக்கோ, துவாஸ் தொழிற்பேட்டைகள் பக்கம் வேலை செய்தவர்களுக்கு இந்த நடை பழக்கமானதுதான். தொழிற்சாலைகளில் எஸ்ஓபி என்று சொல்லப்படும் வேலைமுறைத் தாள்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகின்றன. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. சொன்னது எதுவும் தவறும் இல்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு மிளகாய்த்தூள் கட்டிபட்டு நின்றுபோன எந்திரத்தின் முன் நிற்கும் ஆபரேட்டருக்கு, தன் கை அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை இந்த வாக்கியம் சொல்வதில்லை.

இதைத் தொழிலாளர்களுக்கு உதவும்படி திருத்தி எழுதுவதற்கு ஒரு எளிய விதி உண்டு: ஒரு படியில் ஒரே ஒரு செயல் இருக்க வேண்டும்; அந்தச் செயலுக்கு ஒரே ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன விதி. பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் இது வெறும் எழுத்து வேலை இல்லை என்று தெரியும். இந்த ஒரு வாக்கியத்தையே எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் எந்திரம். ரிப்பன் பிளெண்டர் என்பது படுக்கைவாக்கில் இருக்கும் ஒரு தொட்டி. உள்ளே ஒரு தண்டைச் சுற்றி ரிப்பன் எனப்படும் எஃகுப் பட்டைகள் திருகுபோல ஓடும். அவைதான் தூளைக் கலக்கும். தொட்டியின் அடியில் கலந்த தூளை வெளியேற்றும் கதவு இருக்கும். நம் எந்திரத்தில் அந்தக் கதவை அழுத்தப்பட்ட காற்று திறந்து மூடுகிறது. ஆகவே கையை வெட்டக்கூடியவை இரண்டு: மின்சாரத்தில் ஓடும் ரிப்பன், காற்றில் நகரும் கதவு. எண்ணெய் சேர்த்த மசாலாவோ ஈரம் பட்ட தூளோ கதவருகே கட்டியாக இறுகிவிட்டால், யாராவது கையை உள்ளே விட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது அந்த வாக்கியத்துக்குள் எத்தனை செயல்கள் ஒளிந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எந்திரத்தை நிறுத்துவது, மின்சாரத்தை முழுவதும் துண்டிக்கும் மெயின் ஐசோலேட்டரைத் திருப்புவது, அதைப் பூட்டுவது, காற்று வால்வை மூடுவது, அதையும் பூட்டுவது, அழுத்தமானியைப் பார்ப்பது, உண்மையிலேயே மின்சாரம் போய்விட்டதா என்று சோதிப்பது, மூடியைத் திறப்பது, கட்டியை எடுப்பது. இதற்குப் பிறகு இவை எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்து எந்திரத்தை மறுபடி ஓட்டுவது. ஒரு முற்றுப்புள்ளிக்குள் ஏறக்குறைய இருபது செயல்கள்! இதில் பூட்டு என்ற சொல்லே இல்லை. பழைய ஆட்களுக்குப் பூட்ட வேண்டும் என்று தெரியும். போன வாரம் சேர்ந்தவருக்கு எப்படித் தெரியும்?

சரி, ஒரு செயல் என்றால் என்ன? மிகவும் பொடிப்பொடியாகப் பிரித்தால் தாள் ஐந்து பக்கம் போகும். யாரும் படிக்க மாட்டார்கள். "கையை நீட்டவும், கைப்பிடியைப் பற்றவும், திருப்பவும்" என்று எழுதுவது ஆளைக் கேலி செய்வதுபோல் இருக்கும். நான் பயன்படுத்தும் அளவுகோல் ஒரு கேள்விதான்: இந்தப் படியின் நடுவில் ஒருவர் கூப்பிட்டு ஆபரேட்டர் திரும்பிப் போய்விட்டால், படி பாதியில் நிற்க முடியுமா? முடியும் என்றால் அது இரண்டு படி. "ஐசோலேட்டரைத் திருப்பிப் பூட்டவும்" என்பதில் திருப்பிவிட்டுப் பூட்டாமல் போக முடியும். வேறொருவர் வந்து மறுபடி திருப்பிவிடவும் முடியும். ஆகவே இரண்டு. "கைப்பிடியைப் பற்றித் திருப்பவும்" என்பதில் பற்றிவிட்டுப் போவதால் எதுவும் நடந்துவிடாது. ஆகவே ஒன்று.

இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினால் சில சொற்கள் தாமாகவே கண்ணில் படும். "பின்", "உடன்", "மேலும்" என்று வரும் இடமெல்லாம் ஒரு வெட்டு விழ வேண்டிய இடம். தமிழில் வினையெச்சம் கோத்துக் கோத்து எத்தனை செயலையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிடலாம்: நிறுத்தி, திருப்பி, பூட்டி, திறந்து, எடுத்து. கதை சொல்ல அழகான வசதி. வேலைமுறைத் தாளுக்கு ஆகாது. "உறுதிசெய்யவும்" என்ற சொல்லையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். காற்றழுத்தம் நீங்கியதை எப்படி உறுதிசெய்வது? காதில் கேட்டா, கையால் தொட்டா? அழுத்தமானியின் முள் 0-இல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் செயல். அதை அப்படியே எழுத வேண்டும்.

அடுத்தது பொறுப்பாளர். உண்மையான வேலை இங்கேதான்.

தாளில் படி எண்ணுக்கு அடுத்து "யார்" என்று ஒரு பத்தி போடுங்கள். ஒவ்வொரு செயலுக்கும் எதிரே ஒரே ஒரு பொறுப்பை எழுதுங்கள். "மின்சாரம் துண்டிக்கப்பட்டு" என்பதற்கு எதிரே யார்? செயப்பாட்டு வினையில் எழுதிய வாக்கியம் அதைச் சொல்லவே இல்லை. ஆபரேட்டரிடம் கேட்டால் டெக்னீஷியன் என்பார். டெக்னீஷியனிடம் கேட்டால், அடைப்பு எடுக்கிற அளவுக்கு நான் எதற்கு, ஆபரேட்டரே செய்வார் என்பார். சூப்பர்வைசர் இருவரும் சேர்ந்து செய்வார்கள் என்பார். பலர் கூடினால் பாம்பு சாகாது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். எதிரே எழுதப் பெயர் கிடைக்காத அந்தக் காலிக் கட்டம்தான் இந்த வேலையின் கண்டுபிடிப்பு. அந்தக் கேள்வியை அதுவரை யாரும் தீர்மானிக்கவே இல்லை என்பதும், நீண்ட வாக்கியம் அதை மூடி மறைத்துக்கொண்டிருந்தது என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

இது நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்ட விஷயமும் இல்லை. சிங்கப்பூரின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் வரும் இடர் நிர்வாக விதிமுறைகள், ஒரு பாதுகாப்பான வேலைமுறையைச் செயல்படுத்துவதில் ஈடுபடுகிறவர்களின் பங்கையும் பொறுப்பையும் முதலாளி குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்கின்றன. "சம்பந்தப்பட்ட பணியாளர்" என்பது குறிப்பிட்டுச் சொல்வது ஆகாது.

அந்தக் கட்டத்தில் ஆளின் பெயரை எழுதக் கூடாது. ஆள் ஊருக்குப் போவார், வேலை மாறுவார். பிரிவின் பெயரையும் எழுதக் கூடாது. "பராமரிப்புப் பிரிவு" என்று எழுதினால் அந்தப் பிரிவில் இருக்கும் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஆபரேட்டர், லைன் லீடர், டெக்னீஷியன் என்று அந்த ஷிப்டில் ஒரே ஆளைக் குறிக்கும் பொறுப்பின் பெயர்தான் வேண்டும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அந்தப் பொறுப்பு எல்லா ஷிப்டிலும் இருக்கிறதா? பகலில் மட்டும் டெக்னீஷியன் இருக்கும் இடத்தில், பூட்டுவது டெக்னீஷியனின் வேலை என்று எழுதினால் இரவு ஷிப்டில் பூட்டு இல்லாமல்தான் வேலை நடக்கும். யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் நடக்கும்.

நம் எந்திரத்துக்கு எப்படித் தீர்மானிக்கலாம்? பூட்டும் வேலையில் ஓர் அடிப்படை விதி இருக்கிறது: யாருடைய கை உள்ளே போகிறதோ அவருடைய பூட்டு அங்கே தொங்க வேண்டும், சாவி அவருடைய சட்டைப்பையில் இருக்க வேண்டும். எந்திரத்தின் ஆற்றலைத் துண்டித்துப் பூட்டி அட்டை மாட்டும் இந்த முறைக்கென்றே சிங்கப்பூரில் எஸ்எஸ் 571 என்ற தர விதித்தொகுப்பு இருக்கிறது. கட்டியை எடுப்பது ஆபரேட்டர் என்றால் பூட்டுவதும் அவராகத்தான் இருக்க வேண்டும். ஆகவே ஆபரேட்டருக்கு அதில் பயிற்சி கொடுத்து, அவருக்கென்று பெயர் அட்டை இணைத்த சிவப்புப் பூட்டுகள் இரண்டைக் கொடுத்துவிடலாம். அட்டை பூட்டோடு நிரந்தரமாக இணைந்திருந்தால் "அட்டையை மாட்டவும்" என்று ஒரு படி குறைகிறது. இது எழுத்தில் செய்யும் சிக்கனம் இல்லை. பொருளை மாற்றிச் செய்யும் சிக்கனம். நல்ல எஸ்ஓபி எழுதுகிறவர் பாதி நேரம் இப்படித்தான் படிகளைக் குறைக்கிறார்.

முதல் பகுதியைத் திருத்தி எழுதினால் இப்படி வரும்:

1. ஆபரேட்டர்: சிவப்பு நிறுத்தப் பொத்தானை அழுத்தவும்.
2. ஆபரேட்டர்: லைன் லீடரிடம் "பிளெண்டர் அடைப்பு" என்று தெரிவிக்கவும்.
3. ஆபரேட்டர்: மெயின் ஐசோலேட்டரை ஆஃப் நிலைக்குத் திருப்பவும்.
4. ஆபரேட்டர்: ஐசோலேட்டரில் உங்கள் பூட்டைப் பூட்டவும்.
எச்சரிக்கை: காற்று வெளியேறும்போது அடிக்கதவு தானாக நகரலாம். கதவருகே கை வைக்காதீர்கள்.
5. ஆபரேட்டர்: காற்று வால்வை மூடவும்.
6. ஆபரேட்டர்: காற்று வால்வில் உங்கள் இரண்டாவது பூட்டைப் பூட்டவும்.
7. ஆபரேட்டர்: அழுத்தமானியைப் பார்க்கவும். முள் 0-இல் இல்லை என்றால் இங்கேயே நிறுத்தி, லைன் லீடரை அழைக்கவும்.
8. ஆபரேட்டர்: அவசர நிறுத்தப் பொத்தான் உள்ளே அழுந்தியிருந்தால் அதை விடுவிக்கவும்.
9. ஆபரேட்டர்: மூடி மூடியிருக்கும்போதே பச்சைப் பொத்தானை அழுத்தவும். ரிப்பன் அசைந்தால் இங்கேயே நிறுத்தி, லைன் லீடரை அழைக்கவும்.
10. ஆபரேட்டர்: மூடியைத் திறக்கவும்.
11. ஆபரேட்டர்: பிளாஸ்டிக் சுரண்டியால் கட்டியை எடுக்கவும்.

இந்த எந்திரத்தின் காற்று வால்வு, மூடினால் கதவுப் பக்கம் தேங்கிய காற்றைத் தானே வெளியேற்றிவிடும் வகை. அப்படி இல்லாத வால்வாக இருந்தால் 5-க்குப் பிறகு தேங்கிய காற்றை வெளியேற்றத் தனியாக ஒரு படி வேண்டும். அதை மறந்தால் மின்சாரம் முழுவதும் போன பிறகும் கதவு ஒரு முறை அடித்து மூடும் அளவுக்குக் காற்று உள்ளே இருக்கும்.

8, 9, 10 ஆகிய மூன்று படிகளின் வரிசையில் கொஞ்சம் நிற்க வேண்டும். பச்சைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது எதற்காக? சரியான ஐசோலேட்டரைத்தான் திருப்பியிருக்கிறோமா, அது உண்மையிலேயே மின்சாரத்தைத் துண்டித்ததா என்று சோதிக்க. பக்கத்து எந்திரத்தின் ஐசோலேட்டரைத் திருப்பிவிடுவது நடக்கிற தவறுதான். ஆனால் பழைய ஆபரேட்டர்களிடம் எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால், "மூடியைத் திறந்து, ரிப்பனைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அழுத்துவோம் அண்ணே, அதுதானே நல்லது" என்பார்கள். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பிளெண்டரின் மூடியில் ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கிறது. மூடி திறந்திருந்தால் எந்திரம் ஓடாது. மூடியைத் திறந்து வைத்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ரிப்பன் அசையாது. ஐசோலேட்டர் ஆஃப் ஆக இருந்தாலும் அசையாது, ஆன் ஆக இருந்தாலும் அசையாது. சோதனை எதையும் சோதிக்கவில்லை! அவசர நிறுத்தப் பொத்தான் அழுந்தியிருந்தாலும் இதே கதைதான். அந்த ஸ்விட்சும் பொத்தானும் பொதுவாகக் கட்டுப்பாட்டுச் சுற்றைத்தான் நிறுத்துகின்றன. மெயின் மின்சாரம் எந்திரத்துக்கு வந்துகொண்டேதான் இருக்கும். அவற்றை நம்பிக் கையை உள்ளே விடக் கூடாது. மூடி மூடியிருந்தால் ரிப்பனைப் பார்க்க முடியாதே என்றால், வெளியே தெரியும் மோட்டார் விசிறியும் சத்தமும் போதும்.

பழைய வாக்கியத்தில் இந்தப் பிழை தெரிந்திருக்காது. "மின்சாரம் துண்டிக்கப்பட்டு", "உறுதிசெய்த பின்" என்ற சொற்களுக்குள் சரியான வரிசையும் அடங்கும், தவறான வரிசையும் அடங்கும். செயல்களைத் தனித்தனிப் படியாக எழுதி, எது முதலில் என்று முடிவுசெய்ய வேண்டி வந்தபோதுதான் கேள்வி எழுந்தது.

படி 7-லும் 9-லும் ஒரு செயலோடு ஒரு "என்றால்" ஒட்டிக்கொண்டிருக்கிறதே, விதி மீறல் இல்லையா என்று கேட்கலாம். பார்வையிடும் படிக்கு இரண்டு விடைகள்தான் இருக்க முடியும்: சரி, அல்லது சரியில்லை. சரி என்றால் அடுத்த படி. சரியில்லை என்றால் நிறுத்து, ஆளைக் கூப்பிடு. இந்த அளவு வரை ஒரே படியில் வைப்பது நல்லது. பிரித்தால் வேலை செய்கிறவர் எண்களுக்கு இடையே தாவ வேண்டியிருக்கும். ஆனால் "சரியில்லை என்றால் வடிகட்டியைக் கழற்றவும், குழாயைச் சோதிக்கவும்" என்று வளர ஆரம்பித்தால் அது வேறொரு எஸ்ஓபி. இந்தத் தாளில் அதற்கு இடம் இல்லை. எச்சரிக்கையை அது பற்றிய படிக்கு முன்னால்தான் வைக்க வேண்டும், அதற்கு எண் கொடுக்கக் கூடாது. படித்துக்கொண்டே செய்கிறவர் 5-ஐச் செய்து முடித்த பிறகு "கை வைக்காதீர்கள்" என்பதைப் படித்து என்ன பயன்?

திரும்பி வரும் பகுதியில்தான் பொறுப்பு கை மாறுகிறது. சுரண்டியை அதற்குரிய கொக்கியில் மாட்டுவது ஆபரேட்டர். மாட்டினாரா என்று கொக்கியைப் பார்த்தாலே தெரியும், சுரண்டி மசாலாவுக்குள் போய்விடவில்லை என்றும் தெரியும். மூடியை மூடுவது ஆபரேட்டர். பிறகு லைன் லீடர் எந்திரத்தைச் சுற்றி நடந்து, அருகில் யாரும் இல்லை என்று பார்க்கிறார். பிறகு ஆபரேட்டர் வால்வின் பூட்டை எடுக்கிறார், வால்வைத் திறக்கிறார், ஐசோலேட்டரின் பூட்டை எடுக்கிறார், ஐசோலேட்டரைத் திருப்புகிறார். கடைசியாகப் பச்சைப் பொத்தானை அழுத்துவது லைன் லீடர். "சூப்பர்வைசரின் ஒப்புதலுடன்" என்பதற்குப் பதிலாக வந்தது இதுதான். தலையை ஆட்டுவது ஒப்புதலா, தூரத்திலிருந்து கையைத் தூக்குவது ஒப்புதலா என்ற குழப்பமே இல்லை. ஒப்புதல் தருகிறவரின் விரலே பொத்தானை அழுத்துகிறது.

ஆனால் பொறுப்பு ஒவ்வொரு முறை கை மாறும்போதும் ஒரு கேள்வி இருக்கிறது: முன்னவர் முடித்துவிட்டார் என்று அடுத்தவருக்கு எப்படித் தெரியும்? சத்தமான தொழிற்கூடத்தில், காதுக்காப்பு மாட்டிய இருவருக்கு இடையில், "முடிந்தது" என்ற வாய்ச்சொல் எளிதில் தவறிப்போகும். அதனால் முதலில் செய்ய வேண்டியது கை மாறும் இடங்களைக் குறைப்பது. இந்த வேலையில் முதல் பதினொரு படியும் ஒரே ஆளிடம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தவிர்க்க முடியாத இடத்தில் கண்ணால் காணக்கூடிய அடையாளம் வேண்டும்: இரண்டு பூட்டும் ஆபரேட்டரின் கையில் இருந்தால்தான் லைன் லீடர் பொத்தானுக்குப் போவார்.

இரண்டு பேர் சேர்ந்தே செய்ய வேண்டிய வேலை என்றால்? கனமான மூடியை இருவர் தூக்க வேண்டியிருக்கலாம். அப்போதும் பொறுப்பு ஒருவருக்கே: யார் "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்கிறாரோ அவருக்கு. அவருடைய பொறுப்பின் பெயர் "யார்" பத்தியில். உதவுகிறவர் செயலின் உள்ளே. இருவரும் உள்ளே கை விட வேண்டிய வேலை என்றால் இருவரும் தத்தம் பூட்டைப் போட வேண்டும், அதற்குப் பல பூட்டு மாட்டும் கொண்டி தேவைப்படும், ஒவ்வொருவரின் பூட்டுக்கும் தனிப் படி. அங்கே மட்டும் சுருக்கம் பார்க்காதீர்கள்.

எழுதி முடித்த தாளை அலுவலக அறையில் உட்கார்ந்து சரிபார்ப்பதில் பயன் குறைவு. இந்த எந்திரத்தில் அதிகம் வேலை செய்யாத ஓர் ஊழியரை அழைத்து, தாளைக் கையில் கொடுத்து, ஓடாத எந்திரத்தில் செய்துபார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் கஷ்டம். அவர் கை எங்கே தயங்குகிறது, எங்கே தாளை இரண்டாம் முறை பார்க்கிறார், எங்கே உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். "காற்று வால்வை மூடவும்" என்ற படியில் அவர் இரண்டு வால்வுகளுக்கு நடுவே நின்றால், தாளில் சொல்லைக் கூட்டுவதைவிட வால்வில் ஒரு மஞ்சள் அட்டை ஒட்டி, தாளில் "மஞ்சள் அட்டை உள்ள வால்வு" என்று எழுதுவது நல்லது. ஒரு படியைப் படிக்காமலே தாண்டிப் போனால் அந்தப் படி நீளமாக இருக்கிறது, அல்லது தேவையே இல்லை.

சிங்கப்பூரில் இந்த விதியால் கிடைக்கும் இன்னொரு லாபம் மொழியில். ஒரே தளத்தில் தமிழ், வங்காளம், சீனம், பர்மியம் பேசுகிறவர்கள் சேர்ந்து வேலை செய்கிறார்கள். அந்த நீண்ட வாக்கியத்தை நான்கு மொழிக்கு மாற்றினால் நான்கு விதமான வரிசை வரும். ஒரு வினை மட்டுமே உள்ள வாக்கியம் எந்த மொழிக்குப் போனாலும் அவ்வளவாகச் சிதைவதில்லை. படி எண் எல்லா மொழித் தாளிலும் ஒன்றாக இருந்தால், லைன் லீடர் விரலால் ஏழு காட்டினாலே வங்காளத் தாளை வைத்திருப்பவருக்கும் அழுத்தமானி நினைவுக்கு வரும்.

அந்த எண்ணைக் காப்பாற்றுவதில் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். பிறகொரு நாள் நடுவில் ஒரு படி சேர்க்க வேண்டி வந்தால், தமிழ்த் தாளில் மட்டும் பேனாவால் "7அ" என்று எழுதிவிட்டுப் போகும் ஆசை வரும். எழுதாதீர்கள். எல்லா மொழித் தாளும் புதிய எண்ணோடும் புதிய தேதியோடும் ஒரே நாளில் அச்சாகி, எந்திரத்தில் ஒட்டிய பழைய தாள் கிழித்தெடுக்கப்பட வேண்டும். "யார்" என்ற பத்தி இதற்கும் வேண்டும். பழைய தாளைக் கிழிப்பது லைன் லீடரா, பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரா என்று எழுதாவிட்டால் இரண்டு தாளும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். இடர் மதிப்பீட்டை மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது, விபத்து நேர்ந்தாலோ வேலைமுறை பெரிதாக மாறினாலோ அதற்கு முன்பே, மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. அந்தப் பரிசீலனைக்கு உட்காரும்போது இந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியின் எதிரே எழுதியிருக்கும் பொறுப்பில் இன்றைக்கும் ஆள் இருக்கிறாரா என்று மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.